இராப்பலகை: ஐந்து சென்டிமீட்டர் பலகையும் ஒரு முடிச்சும் வைத்து நாகப்பட்டினம் சேர்வது

நடுக்கடலில் மாலுமி கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்தப் பக்கம் போகிறோம்? வடக்கு தெற்காக எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம்? இரண்டுக்கும் வானமே பதில் சொல்லிவிடும். கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும், நல்ல கடிகாரம் வரும்வரை, நட்சத்திரங்களால் சொல்ல முடியவில்லை. அதனால் பழைய மாலுமிகள் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். கரையை அடைவதற்கு வெகு முன்னாலேயே ஊரின் அட்சரேகைக்கு வந்துவிடுவது, பிறகு அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கிழக்கிலோ மேற்கிலோ போவது.

அட்சரேகையைப் பிடிக்க அரபு மாலுமிகள் பயன்படுத்திய கருவிக்குக் கமல் என்று பெயர். நம் சோழமண்டலக் கரையில் அது இராப்பலகை. ஒரு சிறு பலகை, நடுவில் ஒரு நூல், நூலில் ஊருக்கு ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அதைச் செய்யவும், அதை வைத்து சுமத்ராவின் அச்சேயிலிருந்து நாகப்பட்டினம் வரவும் என்ன தெரிய வேண்டும் என்று பார்ப்போம்.

அடிப்படைக் கணக்கு

வடதுருவத்துக்கு நேர் மேலே வானில் இருக்கும் புள்ளி, நீங்கள் நிற்கும் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் தெரியும். நாகப்பட்டினத்தின் அட்சரேகை 10 பாகை 46 கலை; ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே அங்கே துருவப் புள்ளி தொடுவானத்துக்கு மேல் 10 பாகை 46 கலை உயரத்தில் நிற்கும். வடக்கே 111 கிலோமீட்டர் போனால் ஒரு பாகை ஏறும், தெற்கே போனால் அதே அளவு இறங்கும். அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருப்பதுதான் துருவ நட்சத்திரம். "மிக அருகில்" என்றேன், "அதே இடத்தில்" என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் என்ன பாடு படுத்தும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பலகை செய்தல்

மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் 5 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பிசிறில்லாமல் நேராக இருக்க வேண்டும். நட்டநடுவில் துளையிட்டு, முக்கால் மீட்டர் பருத்தி நூலைக் கோத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். நூலுக்கு மெழுகு தேய்த்துவிடுவது நல்லது. தேய்க்காவிட்டால் ஈரத்தில் நூல் சுருங்கும், சுருங்கிய நூல் அட்சரேகையைப் பொய்யாகச் சொல்லும்.

முடிச்சுப் போடுதல்

பலர் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். கணக்குப் போட்டு, "கண்ணிலிருந்து பலகை இத்தனை செ.மீ." என்று அளந்து முடிச்சிடுவார்கள். ஆனால் நூலைப் பிடிப்பது பல்லில், பார்ப்பது கண்ணால். பல்லுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒருவர் போட்ட முடிச்சு இன்னொருவருக்குச் சரிப்படாது. உங்கள் முடிச்சை உங்கள் முகத்தை வைத்தே போட வேண்டும்.

அந்தக் காலத்தில் புறப்படும் ஊரிலேயே துருவத்தைப் பார்த்து முடிச்சிட்டுவிடலாம். வீட்டில் செய்கிறவர்களுக்குச் சுவர் போதும். சுவரில் உங்கள் கண் உயரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேலே சரியாக 57 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு. சுவரிலிருந்து உங்கள் கண் 3 மீட்டர் தூரத்தில் இருக்கும்படி நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் இரு கோடுகளுக்கும் இடையே நாகப்பட்டினத்துத் துருவப் புள்ளியின் உயரம் அப்படியே கிடைக்கும்.

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, பலகையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கீழ் விளிம்பு கீழ்க்கோட்டிலும் மேல் விளிம்பு மேல்கோட்டிலும் ஒரே சமயத்தில் பொருந்தும் இடத்தில் நூல் விறைப்பாக இருக்கட்டும். பல் பட்ட இடத்தில் முடிச்சு போடுங்கள். கண்ணிலிருந்து பலகை அப்போது ஏறக்குறைய 26 செ.மீ. தள்ளி இருக்கும். வேறு ஊர் வேண்டுமென்றால் மேல்கோட்டின் உயரத்தை மட்டும் மாற்றினால் போதும்: சென்னைக்கு 69.7 செ.மீ., திருகோணமலைக்கு 45.2 செ.மீ. வடக்கே உள்ள ஊரின் முடிச்சு பலகைக்குக் கிட்டத்தில் விழும், தெற்கே உள்ளதன் முடிச்சு தள்ளி விழும்.

ஒரு செ.மீ. பிசகினால் என்ன ஆகும்? நாகப்பட்டினத்து முடிச்சில் ஒரு செ.மீ. என்பது சுமார் 0.4 பாகை, கடலில் சுமார் 44 கிலோமீட்டர். ஆகவே மூன்று நான்கு தடவை பார்த்துவிட்டுத்தான் முடிச்சை இறுக்க வேண்டும். அச்சே போல 5 பாகை உள்ள இடத்துக்கு இதே பலகை வைத்தால் கண்ணிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். தெற்கே போகப் போகச் சின்னப் பலகைக்கு மாறிக்கொள்ளலாம்.

கடலில் அளத்தல்

அளக்க நட்சத்திரமும் வேண்டும், தொடுவானக் கோடும் வேண்டும். நடு இராத்திரியில் நட்சத்திரம் பளிச்சென்று இருக்கும், தொடுவானம் இருட்டில் கரைந்துபோயிருக்கும். பகலில் நேர்மாறு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அந்தியிலும் விடியலிலும் கால் மணி நேரம் போலத்தான். நிலா இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

கப்பலின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைந்த இடத்தில் நின்று, முடிச்சைப் பல்லில் கடித்து நூலை விறைப்பாக இழுங்கள். கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் உட்காரவைத்தபின் மேல் விளிம்பைப் பாருங்கள். துருவ நட்சத்திரம் விளிம்பைத் தொட்டு நின்றால் ஊரின் நேர்க்கோட்டில் இருக்கிறீர்கள். விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தால் வடக்கே அதிகம் வந்துவிட்டீர்கள். பலகைக்குப் பின்னால் மறைந்தால் இன்னும் தெற்கேதான் இருக்கிறீர்கள். அலை உச்சியில் கப்பல் இருக்கும்போது மட்டும் பார்வையை நம்புங்கள். பள்ளத்தில் பார்த்தால் பக்கத்து அலையின் முதுகையே தொடுவானம் என்று எண்ணிவிடுவோம்.

பலகையை நிமிர்த்திப் பிடிப்பதும் முக்கியம். பக்கவாட்டில் சாய்ந்தால் உயரம் குறையும், நட்சத்திரம் விளிம்பைத் தாண்டித் தெரியும், வடக்கே வந்துவிட்டோம் என்று ஏமாறுவோம்.

துருவம் நகரும்

துருவ நட்சத்திரம் இன்று துருவப் புள்ளியிலிருந்து சுமார் 0.6 பாகை விலகி அதைச் சுற்றி வருகிறது. ஒரு நேரம் புள்ளிக்கு மேலே, சுமார் 12 மணி நேரம் கழித்துக் கீழே. இரண்டுக்கும் வித்தியாசம் 1.2 பாகை, அதாவது 130 கிலோமீட்டருக்கு மேல். 1500ஆம் ஆண்டு வாக்கில் விலகல் சுமார் மூன்றரைப் பாகை. அப்போது இதைக் கவனிக்காதவனுக்குக் கரை கிடைத்திருக்காது.

எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது சிறுகரடிக் கூட்டத்தின் இன்னொரு பிரகாசமான நட்சத்திரம், கொக்காப். இன்றைய வானில் அது துருவ நட்சத்திரத்துக்கு நேர் மேலே நின்றால் துருவ நட்சத்திரம் புள்ளிக்கு 0.6 பாகை கீழே இருக்கிறது, அளவோடு 0.6 கூட்ட வேண்டும். நேர் கீழே இருந்தால் கழிக்க வேண்டும். இடமோ வலமோ கிடைமட்டமாக நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். போர்த்துகீசிய மாலுமிகள் இதற்காக, துருவத்தை நடுவில் வைத்து வானில் ஒரு மனிதனைக் கற்பனை செய்து, தலை, கை, தோள், கால் என்று எட்டு நிலைகளுக்குத் திருத்தம் மனப்பாடம் செய்தார்கள். பலகைக்காரருக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். ஊரில் நட்சத்திரத்தைப் பார்த்து முடிச்சிட்டவர், அப்போது அது நின்ற அதே நிலையில் எப்போதும் அளந்தால் பிழை தானாகவே கழிந்துவிடும்.

அச்சேயிலிருந்து நாகப்பட்டினம்

பிப்ரவரித் தொடக்கம், வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சேயின் அட்சரேகை 5 பாகை 33 கலை, ஆக ஐந்தேகால் பாகை வடக்கே ஏற வேண்டும். முதலில் வடமேற்குத் திசை, காற்று வலது விலாவில் வரும்.

வடமேற்கை எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் ஒரே இடத்தில் உதித்து ஒரே இடத்தில் மறையும். இந்த அட்சரேகைகளில் அவை ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நம்பகமான திசைகாட்டியாக இருக்கும். பெர்சியஸ் கூட்டத்தின் மிர்ஃபாக் பின்னிரவு ஒரு மணி வாக்கில் வடமேற்கை ஒட்டி, சற்றே வடக்கே தள்ளி மறையும். அதைத் தொடர்ந்து கபெல்லா மூன்று மணிக்குள் கிட்டத்தட்ட சரியாக வடமேற்கில் இறங்கும். ஒன்று போனதும் அடுத்ததைக் கப்பலின் முன்முனையான முன்னணியத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இடையில் துருவ நட்சத்திரம் வலது முன்பக்கம், முன்னணியத்துக்கும் விலாவுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தினமும் இருமுறை பலகையை எடுங்கள். இந்த மாதத்தில் ஒரு வசதி உண்டு. அந்தியில் துருவ நட்சத்திரம் புள்ளிக்கு மேலே இருக்கும், கொக்காப் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும். விடியலில் கொக்காப் நேர் மேலே வந்துவிடும், துருவ நட்சத்திரம் கீழே இறங்கியிருக்கும். சரியான அட்சரேகையில் இருந்தால் அந்தியில் அது விளிம்புக்கு 0.6 பாகை மேலே தெரியும், விடியலில் அதே அளவு கீழே மறைந்திருக்கும். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் சுமார் ஒரு பாகை என்பதை வைத்து இதை மதிப்பிடலாம். அந்தியில் அது விளிம்பைத் தொட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள், இன்னும் 70 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறீர்கள்.

இரு அளவும் பொருந்தியதும் நேர் மேற்கே திரும்புங்கள். இனி துருவ நட்சத்திரம் இரவு முழுக்க வலது தோளுக்கு நேராக நிற்க வேண்டும். பின்னிரவில் ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் சரியாக முன்னால், மேற்கில் மறையும். விளிம்புக்கு மேல் நட்சத்திரம் ஏறினால் கொஞ்சம் இடப்பக்கம், மறைந்தால் வலப்பக்கம்.

இந்தக் கடைசிக் கட்டத்தில் வடக்குப் பக்கம் சாய்ந்தே வாருங்கள். கோடிக்கரை நாகப்பட்டினத்துக்கு அரைப் பாகைகூடத் தெற்கே இல்லை. பலகையின் சாதாரணப் பிழையே அவ்வளவு இருக்கும். தெற்கே பிசகினால் கோடிக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணையின் ஆழமற்ற கடலில் போய் மாட்டுவீர்கள். வடக்கே பிசகினால் தரங்கம்பாடிப் பக்கம் கரை தெரியும், அங்கிருந்து காற்றோடு தெற்கே இறங்குவது எளிது. ஆகவே நூலில் நாகப்பட்டின முடிச்சுக்கு அரை செ.மீ. பலகைப் பக்கமாக இன்னொரு முடிச்சு போட்டு, கரை தெரியும்வரை அதையே கடித்து வாருங்கள்.