தமிழ்ப் பலகை இருக்கிறது, ஆனால் இது எந்தக் கரை?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. பழைய படங்களைச் சுத்தம் செய்து தருவதுதான் பாதி வேலை. "இது எங்க எடுத்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நம் கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர்தான் கடல். இரண்டு பக்கமும் பனைமரம், மணல், வலை, கிடுகு வேலி, தமிழ்ப் பலகை. கடைப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து நாடு எது என்று கேட்டால், பலகையில் தமிழ் இருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போன மாதம் என் மாமா மகன் இப்படி ஒரு படம் அனுப்பினான். "மாப்ள, இது தொண்டிப் பக்கமா, அக்கரையா?" ஓலைக்கூரை போட்ட பெட்டிக்கடை. மேலே "ஸ்டோர்ஸ்" என்று முடியும் பலகை, அதன் முன்பாதியை ஒரு தார்ப்பாய் மறைத்திருந்தது. இடப்பக்கம் சிவப்பில் ஏர்டெல் பலகை. உள்ளே ஒரு குளிர்சாதனப் பெட்டி, தொங்கும் ஷாம்பு சரம், ஒரு தட்டில் ஆச்சி மசாலா. பார்த்த உடனே "தொண்டிதான்" என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை சொல்லவில்லை. அந்தப் படத்தை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

முதலில் நல்ல படம் வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் சின்ன எழுத்து கரைந்துபோயிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். செல்ஃபி கேமராவில் எடுத்த படம் சில நேரம் இடவலம் மாறிக் கிடக்கும்.

நகராததை முதலில், நகர்வதைக் கடைசியில்

புதிதாகப் பார்ப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தட்டில் இருக்கும் பாக்கெட் பளிச்சென்று தெரிவதால் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் பாக்கெட் பைக்குள் ஏறி ஊர் ஊராகப் போகும். கீழக்கரையில் ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். நீடோ பால்மா டின், டேங் டப்பா, கோடாலித் தைலம் எல்லாம் அரபு எழுத்தோடு வரிசையாக இருக்கும். வளைகுடாவிலிருந்து வரும் சபுராளிகள் கொண்டுவந்தது, இல்லை அவர்களுக்காகவே வரவழைத்தது. அந்தத் தட்டை மட்டும் படம் எடுத்துப் போட்டால் பாதிப் பேர் துபாய் என்பார்கள். அதேபோல ஆச்சி மசாலா, இதயம் நல்லெண்ணெய் எல்லாம் தமிழர் இருக்கும் நாடுகளுக்கெல்லாம் போகிற சரக்கு. ஆகவே மாமா மகன் படத்தில் இருந்த ஆச்சி மசாலாவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நகராதவை வேறு: சுவரில் அடித்த விளம்பரம், கடைப் பலகை, கம்பெனி கொடுத்த குளிர்சாதனப் பெட்டி, ரீசார்ஜ் பலகை, வங்கி, லாட்டரி. சேவையை விற்கும் விளம்பரம் எல்லாவற்றையும்விட நம்பகமானது. பிஸ்கட்டைப் படகில் ஏற்றலாம். இங்கே செல்லாத சிம்முக்கு இங்கே யாரும் பலகை வைக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஏர்டெல் பலகை இந்தியாவைத்தானே காட்டுகிறது? இல்லை. ஏர்டெல் 2009இல் இலங்கையிலும் தொடங்கியது. 2024இல் அங்கே டயலாக் என்ற கம்பெனியுடன் இணைந்தது. நடுவில் பதினைந்து வருடம் அந்தச் சிவப்பு இரண்டு கரையிலும் இருந்தது. ஹட்ச் இதற்கு நேர் மாறு. நம் ஊரில் ஹட்ச் 2007இல் வோடபோன் ஆகிவிட்டது, இலங்கையில் இன்னும் ஹட்ச் ஹட்சாகவே ஓடுகிறது. ஒரு படத்தில் ஹட்ச் பலகை தெரிந்தால் அது இலங்கை, இல்லையென்றால் பழைய இந்தியப் படம். பக்கத்தில் புதுமாடல் வண்டியோ தொடுதிரை போனோ இருந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடலாம். டயலாக், எஸ்எல்டி மொபிடெல் என்றால் அக்கரைதான். ஜியோ, பிஎஸ்என்எல் என்றால் நம் கரை.

லாட்டரியையும் இதோடு சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. தமிழ் எழுத்துள்ள தெருவில் சீட்டு அடுக்கிய லாட்டரிப் பெட்டி வெளிப்படையாக நின்றால் இலங்கையை நினையுங்கள். மலையாள எழுத்தும் சேர்ந்திருந்தால் கேரள எல்லை.

இரண்டாவது எழுத்து எது

தமிழுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். சிங்களம் இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் நம் கரையில் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ராமேஸ்வரம் கோயில் தெருக்களில் வடநாட்டு, ஆந்திர யாத்திரிகர்களுக்காக இந்தியிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருப்பார்கள். மங்கிய படத்தில் தெலுங்கின் உருண்டை எழுத்து சிங்களம்போலவே தெரியும். நானே ஒருமுறை சன்னதித் தெருச் சாப்பாட்டுக்கடை ஒன்றை மன்னார் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். பிரிக்கும் வழி இது: தெலுங்கில் பெரும்பாலான எழுத்துகளின் தலையில் விடைத்தாளில் 'சரி' போடுவதுபோல ஒரு சின்னக் கொத்து நிற்கும். சிங்களத்தில் அந்தக் கொத்து வரிசை இருக்காது. எழுத்தே சுருண்டு உள்ளே மடங்கும், சில எழுத்துக்கு மட்டும் மேலே ஒரு கொடி பறக்கும்.

தமிழ் எழுத்துக்கூட்டலும் உதவும். நாம் ரூபாய் என்போம், அவர்கள் ரூபா என்பார்கள். நம் பிஸ்கட் அங்கே பிஸ்கற் ஆகும், நம் கம்பெனி கொம்பனி ஆகும். ஆங்கில 'ட' ஒலிக்கு 'ற்', 'ர' போடுவது ஈழத்து வழக்கம். நம் டெலிபோன் அங்கே ரெலிபோன்.

மாமா மகன் படத்தில் இரண்டாவது எழுத்தே இல்லை. சரி, அடுத்தது.

விலையும் தொலைபேசி எண்ணும்

கடைக்காரர் கையால் எழுதிய அட்டை எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி. கம்பெனி அச்சடித்தது நாடு தாண்டும், கையெழுத்துப் பழக்கம் அவ்வளவு எளிதில் தாண்டாது. நம் ஊரில் தொகைக்குப் பின்னால் /- போடுவோம். இலங்கையில் /= போடுவார்கள். படத்தில் வாழைத்தாருக்குக் கீழே இருந்த அட்டையைப் பெரிதாக்கியபோது 120/= என்று இருந்தது. கோடு ஒன்றா இரண்டா என்று பார்க்க வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ₹ குறி தெரிந்தால் இந்தியா, அதுவும் 2010க்குப் பிந்தைய படம். அந்த வருடம்தான் அந்தக் குறியே வந்தது. தொகையின் அளவையும் கவனியுங்கள். 5, 10 ரூபாய்ப் பாக்கெட்டுகள் இன்னும் நம் கடைகளில் தொங்குகின்றன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கைக் கடையில் சில்லறைச் சாமானும் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் பேசும்.

தொலைபேசி எண் தெரிந்தால் இலக்கங்களை எண்ணுங்கள். இலங்கையில் முன்னால் உள்ள 0 சேர்த்து பத்து இலக்கம். கைபேசி 07 என்று தொடங்கும், யாழ்ப்பாணத் தரைவழி எண் 021, மன்னார் 023. இங்கே ராமநாதபுரம் 04567, ராமேஸ்வரம் 04573. 0 சேர்த்தால் பதினொன்று. இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் 0 கம்பத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டால் இலங்கை எண் 77 என்று தொடங்கி நம் எண் மாதிரியே தோன்றும். அப்போது ஒன்பது இலக்கம்தான் இருக்கும். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

படத்தில் தார்ப்பாய் மறைத்த பலகையின் கீழ்மூலையில் 023 மட்டும் தெரிந்தது. மிச்சம் மடிப்புக்குள். அது எண்ணின் தொடக்கம்தானா, நடுவா என்று உறுதியில்லாததால் அரைச் சாட்சியாகத்தான் வைத்துக்கொண்டேன்.

குளிர்சாதனப் பெட்டிக்குள்

பெட்டியின் வெளியே கொக்க கோலா. அது எங்கும் உண்டு, விடுங்கள். உள்ளே பாருங்கள். தென் தமிழ்நாட்டுக் கடை என்றால் பொவொண்டோ பாட்டில் கண்ணில் படும், பால் பாக்கெட்டில் ஆவின் பெயர் இருக்கும். இலங்கை என்றால் எலிஃபன்ட் ஹவுஸின் நெக்டோ, போர்ட்டெல்லோ, ஜிஞ்சர் பியர். போர்ட்டெல்லோ கருஞ்சிவப்பா ஊதாவா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், கண்ணாடிக் கதவு வழியே மங்கலாகத் தெரிந்தால்கூட நம் பொவொண்டோவின் பழுப்பிலிருந்து பிரித்துவிடலாம். மாமா மகன் படத்தில் கதவுக்குப் பின்னால் அந்த நிறத்தில் நாலு பாட்டில் இருந்தன. தட்டுகளில் மஞ்சி, மலிபன் பிஸ்கட்டும், ஆங்கர் பால்மாவும், சிக்னல் பற்பசையும் சேர்ந்து இருந்தால் அது அக்கரை வீட்டுச் சாமான். ஒன்று மட்டும் இருந்தால் யாரோ கொண்டுவந்ததாக இருக்கலாம். நாலும் நிறைய எண்ணிக்கையில் அடுக்கியிருந்தால் கடை வாங்கி விற்கிறது.

பாக்கெட்டின் முதுகு

இதற்கு நல்ல படம் வேண்டும். இந்திய உணவுப் பாக்கெட்டில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும், சைவம் என்று அர்த்தம். கூடவே 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். இலங்கைப் பானப் பாட்டிலிலும் பச்சை வட்டம் வரலாம், அது சர்க்கரை அளவுக்கு 2016இல் வந்த நிறக்குறி. சிவப்பு, மஞ்சளும் உண்டு. வட்டத்தைச் சுற்றிச் சதுரம் இருக்கிறதா என்பதே வித்தியாசம். பார்கோடு எண் தெரிந்தால் 890 இந்தியா, 479 இலங்கை. ஆனால் அது கம்பெனி பதிவு செய்த நாட்டைச் சொல்கிறது, சரக்கு செய்த இடத்தையோ விற்ற கடையையோ அல்ல. எனவே பார்கோடும் நகரும் சாட்சிக் கூட்டத்தில்தான் சேரும்.

இப்போது மாமா மகன் படத்தின் கணக்கு: ஏர்டெல் இரண்டு பக்கமும் பொருந்தும், ஆச்சி மசாலாவும் அப்படித்தான். /= அட்டை இலங்கை. பாட்டில்கள் இலங்கை. 023 அரைச் சாட்சி, ஆனால் மற்ற இரண்டோடும் ஒத்துப்போகிறது. இந்தியா என்று மட்டும் சொல்லக்கூடிய ஒரு பொருளாவது இருக்கிறதா என்று திரும்பத் தேடினேன்: ₹ இல்லை, பலகையில் 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் இல்லை, ஆவின் இல்லை. அவனுக்கு "அக்கரை, மன்னார்ப் பக்கம்" என்று எழுதினேன்.

"தலைமன்னாரா பேசாலையா?" என்று உடனே கேட்டான். அதைப் பாட்டிலும் விலை அட்டையும் சொல்லாது. அந்தத் தார்ப்பாயைத் தூக்கிவிட்டு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.