“வயசாச்சு” என்று விட்டுவிடும் தவறு: விறைப்புக் குறைபாடும் உள்ளே விழும் வடுவும்

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் இனிப்புநீர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் வரிசையில் உட்காரும் ஆண்கள் கண்ணைக் காட்டுவார்கள், காலைக் காட்டுவார்கள், ரத்தம் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். உள்ளே மகள் வயதில் ஒரு டாக்டர், பக்கத்தில் மிஸ்ஸி, வெளியே பெஞ்சில் ஒரே லயத்துக்காரர். எப்படிச் சொல்வது? “வயசாச்சு, இனிமே எதுக்கு” என்று மனதுக்குள் முடித்துக்கொண்டு மருந்தை வாங்கிப் போய்விடுகிறார்கள். இப்படியே ஐந்து வருடம், எட்டு வருடம் ஓடிவிடும். கூச்சம் புரிகிறது. ஆனால் அந்த வருடங்களில் ஆண்குறியின் உள்சதை அப்படியே காத்துக்கொண்டிருப்பதில்லை, மாறிக்கொண்டே போகிறது.

ஆண்குறிக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு கெட்டியான உறை. பஞ்சின் சுவர்களில் பாதியளவு மென்தசை. மீதி பெரும்பாலும் கொலாஜன் எனும் நார். மென்தசை தளர்ந்தால் பஞ்சுக்குள் ரத்தம் பாய்ந்து நிறையும். நிறைந்து வீங்கிய பஞ்சு உறையை உள்ளிருந்து நெருக்கும்போது, உறைக்கு அடியில் ஓடும் சின்னச் சின்னச் சிரைகள் நசுங்கி அடைபடும். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். விறைப்பு என்பது இதுதான். ரத்தம் வருவது பாதி வேலை. வந்தது கசியாமல் நிற்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குப் பஞ்சு நன்றாக விரிந்துகொடுத்தாக வேண்டும்.

தளர்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் பஞ்சுக்குப் பிராணவாயு குறைவாகத்தான் கிடைக்கிறது: அழுத்தக் கணக்கில் 25 முதல் 40 மில்லிமீட்டர் பாதரசம். விறைப்பின்போது அது 90, 100 என்று ஏறிவிடும். ஆரோக்கியமான ஆணுக்கு, கனவு வரும் தூக்கத்தில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். ஒவ்வொன்றும் அரைமணி நேரம் போல நிற்கும். காலையில் கண் விழிக்கும்போது இருப்பது அதில் கடைசி. ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பஞ்சுக்கு இராச்சாப்பாடு போடுவதைப் போன்றது அது.

அந்தச் சாப்பாடு நின்றுபோனால்? பிராணவாயு நன்றாகக் கிடைக்கும்போது சதை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, நார் கட்டுவதை அடக்கி வைத்திருக்கும். பிராணவாயு குறைந்தே கிடக்கும்போது டிஜிஎஃப் பீட்டா என்ற இன்னொரு பொருள் தலைதூக்கி, கொலாஜனைக் கட்டச் சொல்லும். மென்தசை மெல்ல மெல்லச் சாகும். அந்த இடத்தை நார் பிடிக்கும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கத்தி ஆழமாக இறங்கிக் காயம்பட்ட மரத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரம் உயிரோடுதான் நிற்கும், ஆனால் அந்தப் பக்கம் கத்தி ஓடாது.

இத்தனை வருடத்தில் இத்தனை வடு என்று வாய்ப்பாடு கிடையாது. சுக்கிலச் சுரப்பியை எடுத்த அறுவையில் நரம்பு அடிபட்டால் சில மாதங்களிலேயே மாற்றம் தொடங்கிவிடும். இனிப்புநீரில் நிதானமாக வரும். ஆனால் அங்கே ரத்தக்குழாய், நரம்பு, தசை மூன்றும் ஒன்றாகக் கெடுகின்றன. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் வேகம் கூடும், சிகரெட் சேர்ந்தால் இன்னும் கூடும்.

ஆகவே முதல் தவறு, காலை விறைப்பு நின்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவது. மனைவியோடு இருக்கும்போது வரவில்லை, காலையில் மட்டும் வழக்கம்போல வருகிறது என்றால் பஞ்சுக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் மனக்கவலை, பயம், வீட்டுச் சண்டை. காலையிலும் வராமல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் காரணம் தேட வேண்டும். மனச்சோர்வும் கெட்ட தூக்கமும்கூடக் காலை விறைப்பைக் குறைக்கும் என்பதால், ராத்திரி ஷிப்ட் வேலைக்காரர்கள் லீவு நாளில் நன்றாகத் தூங்கி எழுந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம்.

ஒரு கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 54, செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். 43 வயதில் இனிப்புநீர். 46இல் விறைப்பு பாதியிலேயே தளர ஆரம்பித்தது. 48இல் காலை விறைப்பும் நின்றது. அந்த வருடம் கூட்டாளி கொடுத்த, விறைப்புக்கான சில்டனாஃபில் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை, கல்யாண வீட்டில் ஆட்டுக்கறிச் சாப்பாடு சாப்பிட்டு வந்து போட்டார். பத்து நிமிடம் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. “மாத்திரையும் கேக்கல” என்று ஆறு வருடம் விட்டுவிட்டார்.

இரண்டாவது தவறு இதுதான், நாம் பார்ப்பதில் மிக அதிகமாக நடப்பதும் இதுதான். சில்டனாஃபில் வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டிய மருந்து. கொழுப்புச் சாப்பாட்டுக்கு மேல் போட்டால் ரத்தத்தில் ஏறத் தாமதமாகும், ஏறும் அளவும் குறையும். மாத்திரை தானாக எழுப்பியும் விடாது. தொடுதலும் ஆசையும் கிளப்பும் சமிக்ஞையைத்தான் அது பெருக்கும். இனிப்புநீர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் 100 மில்லிகிராம் வரை போக வேண்டியிருக்கும். அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுத்த அளவில், ஆறிலிருந்து எட்டுத் தடவை முறையாக முயன்ற பிறகே “கேட்கவில்லை” என்ற முடிவுக்கு வரலாம். சாப்பாட்டு நேரம் சரிப்படாதவர்களுக்கு டடாலஃபில் இருக்கிறது. உணவு அதைத் தடுக்காது. ஒரு மாத்திரையின் வேலை 36 மணி நேரம் வரை நிற்கும். இவருக்கு 48 வயதில் இதில் ஒன்று கேட்டிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது, ஏனென்றால் அப்போது தளர்த்துவதற்குத் தசை மிச்சம் இருந்தது.

54இல் சிறுநீரியல் பிரிவுக்கு அனுப்பப்பட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.8 சதவீதம். முறைப்படி எட்டுத் தடவை 100 மில்லிகிராம் போட்டும் போதவில்லை. அடுத்தது டாப்ளர் ஸ்கேன். மென்தசையைத் தளர்த்தும் அல்ப்ரோஸ்டாடில் மருந்தைப் பஞ்சுக்குள் 10 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, விறைப்பு வரும்போது ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். இதயம் அடிக்கும்போது வரத்து நொடிக்கு 32 சென்டிமீட்டர். 25க்குக் கீழே போனால் தமனி அடைப்பு. இவருக்கு வரத்து ஓரளவு இருக்கிறது. ஆனால் இதயம் ஓயும் இடைவெளியில் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர். நல்ல விறைப்பில் இது கிட்டத்தட்ட பூஜ்யமாக வேண்டும். 5க்கு மேலே என்றால் சிரை வழியே கசிகிறது. பயந்துபோய் படுத்திருப்பவருக்கும் இப்படிக் காட்டும், அதனால் இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். அப்போதும் 9. குழாயைத் திறந்துவிட்டாயிற்று, தொட்டியின் அடைப்பான் உட்காரவில்லை. நார் பிடித்த பஞ்சு விரியாததால் சிரைகள் நசுங்கவில்லை. இந்த வடுவைக் கரைக்கிற மாத்திரை கிடையாது. கசிகிற சிரையைக் கட்டும் அறுவையும் இந்த வயதில், இந்தக் காரணத்துக்கு, நிலைத்து நிற்பதில்லை.

மிச்சம் இருப்பது மூன்று வழி. பஞ்சுக்குள் போடும் ஊசி: குறைந்த அளவில் தொடங்கி டாக்டர் ஏற்றுவார், தசை குறைந்தவருக்கு அதிக அளவு தேவைப்படும், அப்போதும் முழுதாக நிற்காமல் போகலாம். காற்று இழுக்கும் பம்ப்: அடியில் போடும் வளையம் ரத்தத்தைப் பிடித்து வைப்பதால் கசிவு இருந்தாலும் வேலை செய்யும், ஆனால் வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது உள்ளே பொருத்தும் செயற்கை உருளை. மிருதுவான பஞ்சில் உலோகக் குச்சியால் சுலபமாக வழி அகலப்படுத்தி உருளையை இறக்கிவிடுவார்கள். நார் கட்டிய பஞ்சில் குச்சி போகாது. வெட்டித்தான் வழி எடுக்க வேண்டும். உறை கிழியும் ஆபத்து கூடும், அறுவை நேரம் நீளும், மெல்லிய உருளைதான் நுழையும், நீளமும் குறையும். சர்க்கரை கட்டுப்படாதவருக்குக் கிருமி பிடித்து உருளையை எடுக்க நேர்ந்தால், அந்த இடத்தில் விழும் வடு முதல் வடுவைவிடப் பல மடங்கு கடினமானது. அதனால்தான் டாக்டர் “முதலில் சர்க்கரையை இறக்கிவிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புகிறார். இழுத்தடிக்கிறார் என்று கோபப்பட வேண்டாம்.

வருடக்கணக்கில் விழும் வடுவை இரண்டே நாளில் விழவைக்கும் தவறும் ஒன்று உண்டு. ஊசி போட்ட பிறகோ, வேறெதனாலோ, வலியோடு விறைப்பு நாலு மணி நேரமாக இறங்காமல் நிற்கிறது. ராத்திரி இரண்டு மணி. “காலையில பாத்துக்கலாம்” என்று ஐஸ் வைத்துக்கொண்டு படுப்பது. தேங்கிய ரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து தசை சாகத் தொடங்கும். 36 மணி நேரம் தாண்டினால் பஞ்சு பெரும்பாலும் நாராகிவிடும். அவசரப் பிரிவில் ஊசியால் கறுத்த ரத்தத்தை உறிஞ்சி, குழாயைச் சுருக்கும் மருந்து செலுத்துவார்கள். சீக்கிரம் போனால் அத்தோடு முடிந்துவிடும். ஊசி போடுகிறவர்கள் ஒரே இடத்தில் குத்தினாலும் கட்டி விழும். இன்று இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம். மேல்நடுவும் அடிநடுவும் வேண்டாம். குத்திய இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பசார் மாலாமில் விற்கும் “ஆண்களுக்கான” கோப்பி, டோங்காட் அலி உருண்டைகளைப் பற்றிச் சுருக்கமாக. சுகாதார அமைச்சு சோதித்த இப்படிப்பட்ட பல பொருள்களில் சில்டனாஃபில், டடாலஃபில் கலந்திருந்தது. குடித்தவருக்கு வேலை செய்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். என்ன அளவு என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் இதைக் குடித்தால் பிரஷர் அடியோடு இறங்கி உயிருக்கே ஆபத்து. குடித்தபின் நெஞ்சு வலித்தால், எதைக் குடித்தோம் என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: சில்டனாஃபிலுக்கு 24 மணி நேரமும் டடாலஃபிலுக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கமாட்டார்கள்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி இனிப்புநீர் புத்தகத்துக்குள் வைத்து நீட்டலாம். எந்த வருடம் தளர ஆரம்பித்தது, காலை விறைப்பு எப்போதிலிருந்து இல்லை, என்ன மாத்திரை எப்படிப் போட்டுப் பார்த்தோம், மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறதா. குறியில் புதிதாக வளைவோ கட்டியோ தட்டுப்பட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நாக்கடி மாத்திரை வைத்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.