அதிபரின் விடுமுறை விண்ணப்பம்: பொறுப்பாசிரியரின் பெயரை எழுதும் முறை

ஆசிரியர் விடுமுறை கேட்டால் ஒப்பமிடுவது அதிபர். அதிபரே விடுமுறை எடுத்தால் கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதவேண்டும். புதிதாக அதிபரான பலர் காரணத்தையும் நாட்களையும் கவனமாக எழுதிவிட்டு, பொறுப்பாசிரியர் பற்றிய வரியில்தான் தவறுகிறார்கள்.

நானும் தவறினேன். முதல் விண்ணப்பத்தில் "சிரேஷ்ட ஆசிரியர் ஒருவர் பாடசாலையைக் கவனிப்பார்" என்று எழுதினேன். பெயர் இல்லை. இரண்டாம் நாள் ஒரு மாணவன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். மேலிடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது, யார் பதில் சொல்வது என்று மூன்று ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

நெடுந்தீவில் உள்ள ஒரு சிறிய பாடசாலையை எடுத்துக்கொள்வோம். பிரதி அதிபர் இல்லை. ஆசிரியர் எட்டுப் பேர். அதிபரின் தாயாருக்கு யாழ் போதனா வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் விடுமுறை தேவை.

முதலில் ஆளைத் தெரிவு செய்யுங்கள், பிறகு எழுதுங்கள். அந்தப் பாடசாலைக்கு முதலில் வந்தவர் யார் என்று பார்ப்பதைவிட, சேவைத் தரத்தையும் நியமனத் திகதியையும் ஆளணிக் கோவையில் பார்ப்பது நல்லது. பத்து வருடமாக அங்கேயே இருப்பவரைவிட, சென்ற வருடம் இடமாற்றத்தில் வந்தவர் சேவையில் மூத்தவராக இருக்கலாம். இதைப் பார்க்காமல் பெயரிட்டால் ஆசிரியர் அறையில் மனக்கசப்பு தொடங்கும்.

தீவில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். நம் உதாரணத்தில் சேவையில் மூத்தவர் தினமும் குறிகட்டுவானிலிருந்து படகில் வருபவர். காற்றுக் கடுமையாகிப் படகு ஓடாவிட்டால் பாடசாலையைத் திறக்க ஆள் இல்லை. ஆகவே அவரிடம் நேரில் பேசி, அவருடைய சம்மதத்துடன், தீவிலேயே தங்கியிருக்கும் அடுத்த மூத்த ஆசிரியையைப் பெயரிடுகிறோம். காரணத்தை ஒரு வரியில் கடிதத்திலும் எழுதிவிடுகிறோம்; பிறகு கேள்வி வராது.

அடுத்தது படிவம். பொது 125அ விடுமுறைப் படிவத்தை நிரப்பி, அதனுடன் இந்தக் கடிதத்தை இணையுங்கள்:

> வலயக் கல்விப் பணிப்பாளர்,
> தீவக வலயம்.
>
> ஊடாக: கோட்டக் கல்விப் பணிப்பாளர், நெடுந்தீவு.
>
> ஐயா,
>
> விடுமுறையும் பதில் கடமை ஒழுங்கும்
>
> எனது தாயாரின் கண் சத்திரசிகிச்சை காரணமாக 16.06.2025 முதல் 20.06.2025 வரை ஐந்து நாட்கள் விடுமுறை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 23.06.2025 திங்கட்கிழமை கடமைக்குத் திரும்புவேன்.
>
> இக்காலத்தில் திருமதி ............ (இலங்கை ஆசிரியர் சேவை, தரம் ......, தொலைபேசி ............) பாடசாலைப் பொறுப்பை வகிப்பார். சேவையில் மூத்தவரான திரு ............ படகில் வந்துபோவதால், அவரது சம்மதத்துடன் இவ்வொழுங்கு செய்யப்பட்டுள்ளது.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (ஒப்பம்) அதிபர்
>
> மேற்படி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்.
> (பொறுப்பாசிரியரின் ஒப்பமும் திகதியும்)

"விடுமுறையில் செல்கிறேன்" என்று அறிவிப்பதுபோல் எழுதாதீர்கள். அனுமதி கிடைக்கும்வரை அது வேண்டுகோள்தான். கடைசி வரியில் அந்த ஆசிரியை தன் கையால் ஒப்பமிடவேண்டும். அந்த ஒப்பம் இல்லாவிட்டால், "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று பின்னர் சொல்ல இடமுண்டு.

வைத்தியசாலைத் திகதி அட்டையின் பிரதியை இணைத்து, கடிதத்தின் ஒரு பிரதியைப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள், இன்னொன்றைக் கோவையில் இடுங்கள். தீவிலிருந்து கடிதம் போய், அனுமதி திரும்பி வர நாட்கள் எடுக்கும். ஆகவே இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

புறப்படும் முன், கடைசி வேலைநாளில், சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் கையளிப்பை எழுதுங்கள்: அலுவலகச் சாவி, அலுமாரிச் சாவி, ஆசிரியர் வரவுப் பதிவேடு. சாவிகளை எண்ணி எழுதி, இருவரும் ஒப்பமிடுங்கள். காசோலை விடயம் வேறு. வங்கியில் மாதிரி ஒப்பம் யாருடையதோ அவரே ஒப்பமிடலாம். இந்தக் கடிதம் அதை மாற்றாது. அந்த வாரம் கொடுக்கவேண்டிய பணம் இருந்தால் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டு வைத்துவிட்டுப் போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. கணக்காய்வில் அகப்பட்டால், பதில் சொல்லவேண்டியவர் ஒப்பமிட்டவர்தான்.

திரும்பிவந்த அன்று அதே பக்கத்தின் கீழ் "கடமையைப் பொறுப்பேற்றேன்" என்று நேரத்துடன் எழுதி, சாவிகளை மீண்டும் எண்ணி வாங்குங்கள். சத்திரசிகிச்சை தள்ளிப்போய் விடுமுறையை நீடிக்க நேர்ந்தால், வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு விண்ணப்பம் போகவேண்டும். அதிலும் அந்த ஆசிரியையின் பெயரும் புதிய ஒப்பமும் வேண்டும். பழைய ஒப்பம் 20ஆம் திகதியோடு முடிந்துவிடுகிறது.