கை கொடுப்பதில் நாம் செய்யும் தவறுகள்

வலது கையில் வாள் இல்லை என்று காட்டத்தான் ஐரோப்பிய வீரர்கள் கை நீட்டினார்கள் என்ற கதையைப் பலரும் வரலாறாகவே சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. கை கொடுப்பதைக் காட்டும் பழைய சிற்பங்களில் ஒன்று கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஈராக்கின் நிம்ரூத்தில் கிடைத்த அந்தக் கல்லில், அசீரிய மன்னர் மூன்றாம் ஷல்மனேசரும் பாபிலோன் அரசரும் கை பிடித்து நிற்கிறார்கள். அது இரண்டு அரசர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின் அடையாளம். கை கொடுப்பது அன்றாட முகமனாகப் பரவியதில் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குப் பெரும் பங்கு உண்டு. பெரிய மனிதர்கள் முன் தொப்பியைக் கழற்றிக் குனிய அவர்கள் மறுத்தார்கள். யாராக இருந்தாலும் ஒரே மாதிரி கை கொடுத்தார்கள். நம் ஊர் அலுவலகங்களுக்கு அது ஆங்கிலேயர் காலத்தில் வந்தது.

இருவரும் சமம் என்று சொல்ல வந்த வழக்கம் இது. எதிரில் இருப்பவருக்கு விருப்பமில்லாதபோது வற்புறுத்திக் கையைப் பிடித்தால் அந்தப் பொருளே போய்விடுகிறது.

மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு விற்பனைப் பிரதிநிதி ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் பாய், பக்கத்தில் கணக்குப் பார்க்கும் அவர் மகள். முஸ்லிம்கள் கை கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்து அவர் ஒதுங்கி நின்றால் அது ஒரு தவறு. ஆண்கள் தங்களுக்குள் சலாம் சொல்லிக் கை கொடுப்பது அவர்களிடம் விரும்பிச் செய்யப்படும் வழக்கம். பலர் இரு கைகளாலும் பிடிப்பார்கள். பாயிடம் கொடுத்த அதே வேகத்தில் மகளிடமும் கையை நீட்டுவது அடுத்த தவறு. நெருங்கிய உறவல்லாத ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்று கடைப்பிடிப்பவர்கள் உண்டு, கை கொடுக்கும் பெண்களும் உண்டு. பார்த்ததும் கணிக்க முடியாது. ஆகவே கையைக் கீழேயே வைத்து, “வணக்கம்மா” என்று சொல்லி ஒரு நொடி பொறுத்தால் போதும். விருப்பமிருந்தால் அவரே நீட்டுவார். பிரதிநிதி பெண்ணாக இருந்து, பாயைப் பார்க்கப் போனாலும் இதேதான். தெரியாமல் நீட்டிவிட்டால் அந்தக் கையை அப்படியே நெஞ்சில் வைத்துப் பேச்சைத் தொடருங்கள். “ஏன், கை கொடுக்க மாட்டீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். சௌகார்பேட்டையில் ஜைனத் துறவிகளைச் சந்தித்தால், எதிர்பாலினத்தவர் அவர்களைத் தொடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். தள்ளி நின்று கும்பிடுவதே முறை.

உடல்நலம் கருதிக் கை கொடுக்காதவர்களிடம் நாம் செய்யும் தவறுகள் வேறு வகை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறார், வாசலில் கை கழுவுகிறார், வார்டுக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் நாலு பேருக்குக் கை கொடுக்கிறார், போனை எடுத்துப் பேசுகிறார், பிறகு குழந்தையின் விரலைத் தொடுகிறார். கழுவியது வீண். சளியும் இருமலும் பரப்பும் கிருமிகள் இப்படித்தான் கை மாறிப் போகின்றன. குழந்தையைத் தொடுவதற்குச் சற்று முன்பு கை கழுவுவதுதான் கணக்கில் வரும். அதற்குப் பிறகு போனைத் தொடக் கூடாது. கீமோ சிகிச்சையில் இருப்பவரைப் பார்க்கும்போதும் இதே வரிசைதான். அவர் கை கொடுக்கத் தயங்கினால் கும்பிட்டு விட்டுவிடுங்கள்.

சானிட்டைசரை இரண்டு சொட்டு தடவிக்கொள்வது எல்லா இடத்திலும் பார்க்கும் தவறு. உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து, கட்டைவிரலும் விரல் நுனிகளும் நனைய 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். காய்வதற்குள் வேட்டியில் துடைத்தால் பயனில்லை. காசிமேட்டில் மீன் கையாண்ட கையில் பிசுக்கும் ஈரமும் இருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸுக்கும் அது போதாது. இந்த இரண்டுக்கும் சோப்பும் தண்ணீரும்தான். கழுவித் துடைத்து முடிக்க 40 முதல் 60 நொடி ஆகும்.

தேவையில்லாத பயமும் தவறுதான், மனிதரைப் புண்படுத்தும் தவறு. எச்.ஐ.வி. கை கொடுப்பதால் பரவாது. தொழுநோயும் அப்படித்தான், கூட்டு மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து பரவும் வாய்ப்பும் நின்றுவிடுகிறது. அந்த நோயால் கை மரத்துப்போனவருக்கு அழுத்தம் தெரியாது, விரலில் இருக்கும் புண்கூடத் தெரியாது. முடக்குவாதம் உள்ளவருக்கோ லேசான அழுத்தமே வலிக்கும். இருவரிடமும் உங்கள் கையைத் தளர்வாக நீட்டி, பிடியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.