ஜே.ஏ.ஐ.ஐ.பி. படிக்கும் வங்கி ஊழியரின் வார அட்டவணை எங்கே உடைகிறது?

வங்கிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டே, வங்கி ஊழியர்களுக்கான நான்கு பேப்பர் தேர்வான ஜே.ஏ.ஐ.ஐ.பி. எழுதுகிறவர்கள் பலரும் முதலில் போடும் அட்டவணை ஒரே மாதிரி இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை, சனி ஞாயிறு தலா 4 மணி நேரம். கூட்டினால் வாரம் 18 மணி. தாளில் அழகாகத்தான் இருக்கும், இரண்டாவது வாரமே உடைந்துவிடும்.

முதல் தவறு, எல்லா வாரமும் ஒன்று என்று நினைப்பது. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைதான் விடுமுறை. மற்ற சனிகள் முழு வேலை நாள். ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டு அட்டவணைகள்: விடுமுறைச் சனி உள்ள வாரத்துக்கு ஒன்று, வேலைச் சனி உள்ள வாரத்துக்கு ஒன்று. ஒன்றுவிட்டு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. மாதத்தில் ஐந்து சனி வந்தால் ஐந்தாவதும் அடுத்த மாத முதல் சனியும் அடுத்தடுத்து வேலை நாளாகிவிடும். காலண்டரைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரத்தை நம்பி நேரம் குறிப்பது. கேஷ் டேலி ஆகாத நாளில் 7 மணிக்கு நீங்கள் இன்னும் கிளையில்தான் இருப்பீர்கள். 'இரவு 7 மணி' என்று எழுதுவதைவிட 'வீட்டுக்கு வந்து முக்கால் மணி கழித்து, ஒன்றேகால் மணி நேரம்' என்று எழுதுவது நிலைக்கும். 9 மணிக்கு மேல் வந்தால் அன்றைக்குப் படிப்பு இல்லை, அதையும் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த விட்டுப்போன பாடத்தை என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான அட்டவணைகள் சாகின்றன. செவ்வாய் விட்டதைப் புதனுக்குத் தள்ளினால், புதனுடையது வியாழனுக்குப் போகும். வெள்ளி வருவதற்குள் எது எந்த நாளுக்கு என்றே தெரியாது. அதனால் ஐந்து இரவுகளில் நான்குக்கு மட்டும் பாடம் போட்டு, வெள்ளியைக் காலியாக வையுங்கள். விட்டது வெள்ளிக்கு மட்டுமே போகலாம். வெள்ளியிலும் அடங்காததை அந்த வாரம் விட்டுவிட வேண்டியதுதான்.

சரி, இப்படிப் போட்டால் எவ்வளவு நேரம் தேறும்? மே மாதத் தேர்வுக்கு 16 வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வருடக் கணக்கு முடிப்பு. அந்த இரண்டு வாரத்தை முதலிலேயே அடித்துவிடுங்கள். (நவம்பர் தேர்வென்றால் செப்டம்பர் கடைசி அரையாண்டு முடிப்பு.) மீதி 14. நான்கு இரவுகளில் 5 மணி, ஞாயிறு 3 மணி; விடுமுறைச் சனி இருந்தால் இன்னொரு 3 மணி. ஆக வேலைச் சனி வாரம் 8 மணி, விடுமுறைச் சனி வாரம் 11 மணி. பாதிக்குப் பாதி என்றால் 133 மணி வரும். ஐந்தில் ஒரு பங்கு எப்படியும் போகும் என்று கழித்தால் கையில் நிற்பது சுமார் 105 மணி.

இதை நான்கு பேப்பருக்கும் சமமாகப் பிரிப்பது அடுத்த தவறு. பொறியியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவருக்குக் கணக்கியல், நிதி மேலாண்மை பேப்பர்தான் இடிக்கும். வட்டி, ஆண்டுத்தொகைச் சூத்திரம் அவருக்குப் பழக்கம். பற்று வரவு, பதிவு சரிக்கட்டல், விகிதங்கள்தான் புதிது. அதற்கு 35 மணி கொடுத்தால் மற்ற மூன்றுக்கும் தலா 23 மணி கிடைக்கும். வணிகவியல் படித்தவருக்கு இந்தப் பிரிப்பு இப்படியே இருக்காது. ஒவ்வொரு பேப்பரிலும் 50 எடுக்க வேண்டும் என்பதோடு, ஒரே முறையில் நான்கும் எழுதி ஒவ்வொன்றிலும் 45-க்குக் குறையாமல் மொத்தத்தில் 50 சதவீதம் வந்தாலும் தேர்ச்சி என்ற விதியும் உண்டு. இடிக்கிற பேப்பரைக் கரையேற்றுவதில் அது உதவும், ஆனால் அதை நம்பி நேரத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

அந்த 35 மணியை வேலை நாள் இரவில் வைத்தால் வீண். நாள் முழுக்க எண்களோடு இருந்துவிட்டு வந்து பத்திர மதிப்பீட்டுக் கணக்குப் போட்டால், விடையைப் பார்த்து 'ஓ, இவ்வளவுதானா' என்று தலையாட்டிவிட்டுப் போகத்தான் தோன்றும். மறுநாள் அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், வராது. கணக்குகளை ஞாயிறு, விடுமுறைச் சனிக் காலைகளுக்கு வைத்து, இரவுகளில் வங்கி நடைமுறை, பொருளாதாரம் மாதிரி வாசித்துப் போகும் பகுதிகளை வைக்கலாம். கே.ஒய்.சி., காசோலை, புகார்த் தீர்வு எல்லாம் பகலில் கவுன்டரில் பார்த்ததுதான், களைப்பிலும் மண்டையில் ஏறும்.

கடைசி நான்கு வாரத்தில் ஞாயிறு காலையை முழு மாதிரித் தேர்வுக்கு விட்டுவிடுங்கள். 100 கேள்வி, 2 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 72 நொடி. கணக்குப் பேப்பரில் இது போதாமல் போவது முதல் மாதிரித் தேர்விலேயே தெரிந்துவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால், முதல் சுற்றில் நீளமான கணக்குகளைத் தாண்டிப் போய்விட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சம் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிடுவதையும் அந்த ஞாயிறுகளிலேயே பழகிக்கொள்ளலாம்.