‘ஹர்ட் ஆகியிருந்தா சாரி’: மன்னிப்புக்குள் ஒளிந்துகொள்ளும் சாக்குகள்

மாதாந்திர ரிவ்யூ மீட்டிங். எங்கள் அணியில் விற்பனைக் கணக்கு பார்ப்பவர் காட்டிய ரிப்போர்ட்டில், திரும்பி வந்த சரக்கைக் கழிக்காமல் விட்டிருந்தார். எட்டுப் பேர் முன்னால் நான் சொன்னது: "எக்செல் தெரியாதவங்ககிட்ட ரிப்போர்ட் கேட்டது என் தப்பு." இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து மெசேஜ்: "அதைத் தனியா சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாடியும் கேட்க கஷ்டமா இருந்தது." நான் உடனே தட்டிவிட்ட பதில் இது:

"அய்யோ, ஜோக்காத்தான் சொன்னேன். டென்ஷன்ல அப்படி வந்துடுச்சு. ஆனா நம்பர் தப்பா இருந்தது உண்மைதானே? எனிவே, ஹர்ட் ஆகியிருந்தா சாரி."

அவர் "ஓகே சார்" என்று முடித்துக்கொண்டார். அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்.

மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோதுதான், தவறெல்லாம் சின்னச் சின்ன விகுதிகளில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முதலில் ‘வந்துடுச்சு’. தமிழில் இது ரொம்ப வசதியான வினை. வார்த்தை தானாக வந்துவிடும், வாய் தவறிவிடும், பேசியவர் மட்டும் எங்கேயும் இருக்க மாட்டார். அறிக்கைத் தமிழில் வரும் ‘தங்கள் மனம் புண்பட நேர்ந்தமைக்கு வருந்துகிறேன்’ என்பதும் இதே வித்தைதான், கொஞ்சம் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. ‘சொன்னேன்’ என்று தன்மையில் எழுதினால் ஒளிய இடமில்லை.

அடுத்தது ‘இருந்தா’. கஷ்டமாக இருந்தது என்று அவரே எழுதிவிட்டார். அதன் பிறகும் ‘ஹர்ட் ஆகியிருந்தா’ என்றால், நீங்கள் சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது ‘உண்மைதானே?’. இதுதான் என்னை அதிகம் ஏமாற்றியது, ஏனென்றால் ரிப்போர்ட்டில் பிழை இருந்தது நிஜம். ஆனால் அவர் அதை மறுக்கவே இல்லை. பிழையைச் சொன்னதைப் பற்றி அல்ல, சொன்ன விதத்தைப் பற்றித்தான் அவர் பேசினார். சரியான விஷயத்தைத் தவறான இடத்தில் கொண்டுவந்து வைத்தால் அது வாதமாகிவிடுகிறது. ஒரு வாக்கியம் அங்கே இருக்கலாமா என்று சந்தேகம் வந்தால், அதை எடுத்துவிட்டுப் படியுங்கள். எடுத்ததில் மன்னிப்புக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் மனசு வரவில்லை என்றால், அது நம்மைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது. சரக்குக் கணக்கை இரண்டு நாள் கழித்து, தனி மெசேஜில் பேசினேன்.

திருத்தி அனுப்பியது இது:

"அன்னைக்கு மீட்டிங்குல ‘எக்செல் தெரியாதவங்ககிட்ட ரிப்போர்ட் கேட்டது என் தப்பு’ன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் உங்களை மட்டம் தட்டினேன். அது தப்பு. நீங்க சொன்னப்புறமும் ஜோக், டென்ஷன்னு சாக்கு சொன்னேன், அதுவும் தப்பு. மன்னிச்சிடுங்க. வியாழக்கிழமை மீட்டிங்குல எல்லார் முன்னாடியும் இதைச் சொல்ல நினைக்கிறேன். வேண்டாம்னா சொல்லுங்க, விட்டுடறேன். உடனே பதில் போடணும்னு இல்லை."

சொன்ன வார்த்தையை அப்படியே திரும்ப எழுதக் கை கூசியது. முதலில் ‘அப்படிப் பேசினதுக்கு’ என்றுதான் எழுதினேன். ஆனால் ‘அப்படி’ என்றால் எப்படி? எதற்கு மன்னிப்பு என்றே தெரியாமல் போகிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. சொன்னது ஒருவருடைய உடம்பு, சாதி, குடும்பம் பற்றியது என்றால் அந்த வார்த்தையை மறுபடி எழுதிக் காயப்படுத்த வேண்டாம். எதைப் பற்றிப் பேசினேன் என்று மட்டும் சொன்னால் போதும்.

கடைசி வரியையும் யோசித்துத்தான் போட்டேன். ‘கோவம் இல்லையே?’, ‘ஓகேதானே?’ என்று முடித்தால், காயப்பட்டவர் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளில் மிக முக்கியமாகத் தெரிந்தது ‘தவறு என்னுடையது’ என்று ஏற்பது. அடுத்தது அதைச் சரிசெய்ய முன்வருவது. மன்னித்துவிடும்படி கேட்பதுதான் கடைசி இடம். அவர்கள் ஆராய்ந்தது வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு கற்பனை ஆளின் கதையை. நம் அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ‘மன்னிச்சிடுங்க’வை நானும் விடவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி எழுதவில்லை.

எட்டுப் பேர் முன்னால் சொன்னதற்குத் தனி சாட்டில் மட்டும் மன்னிப்பு என்றால் கணக்கு நேராகாது. அதே சமயம், கேட்காமல் சபையில் எடுத்தால் அவர் மறுபடி காட்சிப்பொருள் ஆகிவிடுவார். அதனால்தான் அனுமதி கேட்டேன். மாலையில் பதில் வந்தது: "ஒரு வரி போதும் சார்."

வியாழக்கிழமை இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனோம். ‘சார்’ போய்ப் பெயர் திரும்பி வர இன்னும் சில வாரம் ஆனது.