முள் பச்சையில் நின்றாலும் தீயணைப்பான் காலியாக இருக்கலாம்: வீட்டிலும் கடையிலும் நாமே பார்ப்பது எப்படி?

குளச்சல் பக்கம் கடலோரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா கடையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு தீயணைப்பான் தரையில் நிற்கும். 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் வகை. நம் பக்கம் கடைகளிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். போன மாதம் அதை நான் குனிந்து பார்த்தபோது மாமா சொன்னார்: "மக்களே, முள்ளு பச்சையிலதானே நிக்குது, பிறகென்ன?"

முள் பச்சையில்தான் நின்றது. ஆனாலும் அது தீயை அணைக்கும் நிலையில் இல்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் முள்

கைப்பிடிக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்ட மீட்டர் இருக்கும். நடுவில் பச்சை. முள் பச்சைக்கு இடப்பக்கச் சிவப்பில் இருந்தால் உள்ளே அழுத்தம் போய்விட்டது, ரீஃபில் செய்ய வேண்டும். வலப்பக்கம் தாண்டியிருந்தால் அழுத்தம் அதிகம், அதுவும் சர்வீஸுக்குப் போக வேண்டியதுதான். பச்சையில் இருந்தால் பவுடரைத் தள்ளிவிடும் நைட்ரஜன் வாயு சுமார் 15 பார் அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு.

ஆனால் முள் உண்மையைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. மீட்டருக்குள் வளைந்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அது சற்று நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே போனால் முள் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எனவே கண்ணாடியை உற்றுப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளியோ, பனி படிந்த மங்கலோ, முள்ளின் அடியில் துருவோ இருந்தால் அந்த மீட்டரை நம்பாதீர்கள். விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் முள் இறங்கினால் இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறது. மீட்டரைக் கழற்றிப் பார்க்க மட்டும் வேண்டாம், உள்ளே அழுத்தம் இருக்கும்.

மாமாவின் மீட்டரில் கண்ணாடி ஓரமாகப் பழுப்புக் கோடு இருந்தது. தட்டினேன், முள் அசையவில்லை. அசையாததை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, நல்ல மீட்டரும் அசையாது.

அடுத்து சீல்

லிவரை அமுக்க விடாமல் ஒரு உலோகப் பின் குறுக்கே செருகியிருக்கும். அந்தப் பின் தானாக நழுவாமல் மெல்லிய பிளாஸ்டிக் சீல் பிடித்திருக்கும். சீல் முழுசாக இருந்தால், யாரும் பின்னை உருவி அமுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒரே இழுப்பில் அறுகிற மாதிரிதான் அதைச் செய்கிறார்கள்.

மாமா கடையில் அந்த இடத்தில் தங்கூசி இருந்தது. வலை பின்னும் அதே நைலான் நரம்பை மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். நான் பலமாக இழுத்தும் அறவில்லை, விரல்தான் அறுபட்டது. தீ எரியும்போது கத்தி தேடவா முடியும்? செம்புக் கம்பியோ சணலோ கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

"பழைய சீல் எங்க போச்சு மாமா?" என்று கேட்டதும்தான் விஷயம் வந்தது. போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டபோது ஓலைக் கூரையில் பொறி விழுந்திருக்கிறது. பின்னை உருவி ஒரே ஒரு தடவை அமுக்கியிருக்கிறார், அணைந்துவிட்டது. மிச்சம் இருக்கிறதே என்று பின்னைத் திரும்பச் செருகிக் கட்டி வைத்துவிட்டார்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பவுடர் வகையை அரை நொடி அமுக்கினாலும் வால்வின் வாயில் மாவு போன்ற பவுடர் சிக்கிக்கொள்ளும். பிறகு வால்வு முழுதாக மூடாது. வாயு சத்தமே இல்லாமல் கசிந்து, மறுநாளைக்குள்கூட அழுத்தம் இறங்கிவிடலாம். அதனால் ஒருமுறை அமுக்கிவிட்டால், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் உடனே ரீஃபில். வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது கூடவே கூடாது.

தராசில் வையுங்கள்

லேபிளில் மொத்த எடை போட்டிருக்கும். மாமாவின் உருளையில் 9.4 கிலோ. கடையின் எலெக்ட்ரானிக் தராசில் ஏற்றினோம், 8.6 கிலோ காட்டியது. 100 கிராம் முன்னே பின்னே இருக்கலாம், 800 கிராம் இருக்க முடியாது. அத்தனை பவுடர் வெளியேறினால் உள்ளே காலி இடம் கூடி அழுத்தம் குறைந்தே தீரும். அப்படியிருந்தும் முள் பச்சையின் நடுவில் நிற்கிறதென்றால், முள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் வாயுவின் எடை சில பத்து கிராம்தான். வாயு மட்டும் கசிந்திருந்தால் தராசு காட்டாது. பவுடருக்குத் தராசு, வாயுவுக்கு முள், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மீட்டரே இல்லாத, அகலமான கறுப்புக் குழல் வைத்த கார்பன் டை ஆக்சைடு வகைக்கு எடை மட்டும்தான் வழி. வாயுவின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ரீஃபில்.

தேதியும் உடம்பும்

உருளையில் மூன்று தேதிகளைத் தேடுங்கள். உடம்பில் அச்சடித்தோ லேபிளிலோ இருப்பது தயாரித்த மாதமும் ஆண்டும். ஸ்டிக்கரில் பேனாவால் எழுதியிருப்பது ரீஃபில் செய்த நாளும் அடுத்து செய்ய வேண்டிய நாளும். மூன்றாவது, நீரழுத்தச் சோதனை செய்த தேதி, அதாவது உருளையில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி அது தாங்குகிறதா என்று பார்த்த நாள். ஸ்டிக்கர் தேதி தாண்டினால் ரீஃபில் போதும். பவுடர் உருளைக்கு நீரழுத்தச் சோதனை 3 ஆண்டுக்கு ஒருமுறை. தயாரித்து 10 ஆண்டு ஆகிவிட்டால் எத்தனை புது ஸ்டிக்கர் ஒட்டினாலும் பயனில்லை, மாற்ற வேண்டும்.

மாமாவுடையது 2019 மார்ச்சில் செய்தது, பத்து ஆண்டு ஆகவில்லை. ரீஃபில் செய்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். படுக்க வைத்து அடிப்பக்கம் பார்த்தோம். தினமும் தரை கழுவும் தண்ணீரில் நின்று நின்று அடி விளிம்பு முழுவதும் துரு. நாணயத்தால் சுரண்டியதும் செதில் செதிலாக உதிர்ந்து, கீழே தகட்டில் சிறு குழிகள் தெரிந்தன. மேல் பெயின்டில் லேசான துரு என்றால் பரவாயில்லை. தகட்டில் குழி விழுந்துவிட்டால், அதில் மறுபடி 15 பார் ஏற்றக் கூடாது. புதிதுதான் வாங்கினோம்.

புதியதை வாசலோரச் சுவரில் கொக்கி அடித்து மாட்டிவிட்டோம், அடி தரையில் படவே இல்லை. வால்வும் உருளையும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். வால்வைத் திருகிக் கழற்றாமல் பவுடரை மாற்ற முடியாது. ரீஃபில் ஆகி வரும்போது அந்தக் கோடு உடையாமல் அப்படியே இருந்தால் ஸ்டிக்கர் மட்டும்தான் மாறியிருக்கிறது. எனக்கு முன்பு ஒரு கடையில் அப்படி நடந்தது, அதிலிருந்து கோடு போடாமல் எதையும் கொடுப்பதில்லை.

பழையதை, பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் போட மாமா கிளம்பினார். வேண்டாம் என்று தடுத்தேன். முள்ளை நம்ப முடியாத உருளையில் எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது, அங்கே அதைச் சுத்தியலால்தான் உடைப்பார்கள். புதியது வாங்கிய இடத்திலேயே கொடுத்தோம், அழுத்தத்தை இறக்கிவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.